ஒரே ஓர் அறை: ஒரு இரவுக்கும் கொடுப்பதா, இரண்டு இரவுக்குக் குறையாமலா, மாத வாடகைக்கா?

சுற்றுலா ஊரில் வீடு இருந்து, அதில் ஓர் அறை பூட்டியே கிடந்தால், ஹோம்ஸ்டே நடத்தலாமே என்ற யோசனை தானாக வந்துவிடும். உடனே எழும் கேள்வி, வாடகை எவ்வளவு வைக்கலாம் என்பது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றை முடிவு செய்தாக வேண்டும். வருபவர் குறைந்தது எத்தனை இரவு தங்க வேண்டும்? ஒரு இரவு போதுமா, இரண்டு இரவாவது வேண்டுமா, அல்லது ஒருவருக்கே மாதக் கணக்கில் கொடுத்துவிடலாமா? வாடகை, துப்புரவு, பாதுகாப்பு மூன்றும் இந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்தே போகின்றன. ஆகவே மூன்று வழிகளையும் இந்தக் கோணத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பேசப்போவது நீங்களும் குடியிருக்கும் வீட்டில், தனிக் குளியலறை உள்ள ஒரே ஓர் அறையைப் பற்றி மட்டும். முழு வீட்டையும் விடுவது வேறு கணக்கு.

முதலில் ஓர் அறையை அடுத்தவருக்குத் தயார் செய்ய என்ன ஆகிறது என்று பார்ப்போம். பழைய விருந்தினர் காலை 11 மணிக்குக் கிளம்புகிறார், புதியவர் மாலை 3 மணிக்கு வருகிறார் என்று வையுங்கள். நடுவில் நான்கு மணி நேரம். கதவைத் திறந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விரிப்பு, உறை, துண்டு எல்லாவற்றையும் உருவி வாஷிங் மெஷினில் போட வேண்டும். மெத்தை வெறுமையாக இருக்கும்போதே டார்ச் அடித்து நான்கு மூலைத் தையலையும் பார்க்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகத் தூசி, அப்புறம் குளியலறை, கடைசியில் தரை. இதை ஒழுங்காகச் செய்தால், கை பழகியவருக்கே இரண்டரை மணி நேரம் போகும். ஒருவர் ஒரு இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது.

வாடகைக் கணக்கு

எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி, சீசனில் ஓர் இரவு வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுத் தளத்தின் கமிஷன் 15 சதவீதம். காலை உணவு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து இரவுக்கு 10. அறையை மாற்றித் தயார் செய்யும் செலவு ஒவ்வொரு முறையும் 25. இதில் சோப்பு, சலவை, தேய்மானத்துக்கு 8 போக, மீதி 17 இரண்டரை மணி நேரக் கூலி. வேலையை நீங்களே செய்தாலும் இந்தக் கூலியை எழுதியே ஆக வேண்டும். ஏன் என்பது இன்னும் கொஞ்சத்தில் தெரியும்.

ஒரு இரவு மட்டும் தங்குபவரிடமிருந்து கமிஷன் 15, அன்றாடச் செலவு 10, தயாரிப்பு 25 எல்லாம் போகக் கையில் நிற்பது 50. இரண்டு இரவு தங்குபவரிடம் 200 வாங்கி, 30, 20, 25 கழித்தால் 125. அதாவது இரவுக்கு 62.50. அதே அறை, அதே வாடகை, ஆனால் நிற்கும் தொகை கால் பங்கு கூடிவிடுகிறது.

அப்படியானால் ஒரு வாரம் தங்குபவர்தான் தங்கச் சுரங்கம் என்று நினைத்து, பலர் 20 சதவீதம் தள்ளுபடி அறிவித்துவிடுகிறார்கள். ஏழு இரவுக்கு 560 வரும். கமிஷன் 84, அன்றாடச் செலவு 70, தயாரிப்பு 25, நடுவில் ஒரு முறை விரிப்பு மாற்ற 10 போனால் 371. இரவுக்கு 53தான். இரண்டு இரவுக்காரர் கொடுத்ததைவிடக் குறைவு. தள்ளுபடியை 10 சதவீதத்தோடு நிறுத்தினால் இரவுக்கு 61.50 நிற்கும், சரிக்குச் சரியாக வரும். வாரத் தள்ளுபடிக்கு 10 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மாத அளவில் பார்ப்போம். ஒரு இரவு முன்பதிவையும் ஏற்றுக்கொண்டால் காலண்டர் நன்றாக நிரம்பும். 30 இரவில் 20 இரவு, 12 பேர் வந்தார்கள் என்று வைப்போம். வரவு 2000, கமிஷன் 300, அன்றாடச் செலவு 200, தயாரிப்பு 300. நிற்பது 1200. இரண்டு இரவுக்குக் குறையக் கூடாது என்று வைத்தால் சிலர் விலகிப் போவார்கள், இடையிடையே ஒற்றை இரவுகள் காலியாகும். 18 இரவு, 7 பேர். வரவு 1800, கமிஷன் 270, அன்றாடச் செலவு 180, தயாரிப்பு 175. நிற்பது 1175. வித்தியாசம் வெறும் 25. ஆனால் முதல் வழியில் 30 மணி நேரம் வேலை, இரண்டாவதில் பதினேழரை மணி நேரம்.

சொந்தக் கூலியை எழுதாமல் விட்டிருந்தால் இதே கணக்கு 1404, 1294 என்று வந்து, முதல் வழிதான் நல்லது என்று தோன்றியிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு இரவு முன்பதிவுகளை வாரிப்போட்டுக்கொண்டு, சீசன் முடிவதற்குள் களைத்துப்போவது இந்த இடத்தில்தான். உழைப்பைச் செலவாக எழுதாததால் களைப்புக்கான காரணம் நோட்டில் தெரிவதே இல்லை.

மாத வாடகை எப்படி? சுற்றுலாப் பருவத்தில் அது எடுபடாது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர் மாதம் 700 கொடுத்தாலும், மின்சாரமும் தண்ணீரும் 100 போக 600. மற்ற இரண்டு வழிகளிலும் வருவதில் பாதிதான். ஆனால் சீசன் முடிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வாடகையை 70க்கு இறக்கியும் மாதத்தில் 5 பேர், 8 இரவு என்றுதான் வருகிறது என்றால், 560இல் கமிஷன் 84, அன்றாடச் செலவு 80, தயாரிப்பு 125 போய் 271 நிற்கும். அந்த மாதத்துக்கு ஒரே ஆள் 500 கொடுத்தாலே, 100 செலவு போக 400 கிடைத்துவிடும். உங்கள் ஊருக்கு எது சரி என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சீசன் இல்லாத காலத்தில் இரண்டு இரவு தங்கும் ஒருவரிடம் கையில் நிற்பது எவ்வளவு என்று போட்டுப்பாருங்கள். நம் உதாரணத்தில் 140இல் 21, 20, 25 போக 74. மாத வாடகையில் நிற்கும் 400ஐ அதனால் வகுத்தால் ஐந்தரைக்குப் பக்கம் வரும். ஆக, மாதத்துக்கு ஆறு பேராவது வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் தினசரி வாடகையில் தொடருங்கள்.

துப்புரவுக் கட்டணத்தைத் தனியாக வாங்கினால் குறைந்தபட்ச இரவு என்ற நிபந்தனையே வேண்டாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை 90, துப்புரவு 25 என்று பிரித்தால் ஒரு இரவுக்காரர் 115 கொடுப்பார், மூன்று இரவுக்காரருக்கு இரவுக்குச் சுமார் 98 ஆகும். நீளத் தங்குபவர்கள் தாமாகவே உங்களிடம் வருவார்கள். ஆனாலும் ஒற்றை அறைக்கு இது எனக்குச் சரியாகப் படவில்லை. தேடும்போது 90 என்று பார்த்தவர், பணம் கட்டும் இடத்தில் 115 என்று வந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். துப்புரவுக்குத் தனிக் காசு கொடுத்தவர் ஒரு தலைமுடி கிடந்தாலும் விமர்சனத்தில் எழுதிவிடுவார், அது அவருடைய உரிமையும்கூட. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வது நல்லது.

சுத்தம்: எந்த வழியில் எது கெடும்

அடிக்கடி ஆள் மாறும் அறையில் பெரிய அபாயம் மூட்டைப்பூச்சி. அது அழுக்கினால் வருவதில்லை, பெட்டியில் ஏறி வருகிறது. எத்தனை பெட்டிகள் அறைக்குள் வருகின்றனவோ அத்தனை வாய்ப்பு. மாதம் 12 பேர் வருவதற்கும் 7 பேர் வருவதற்கும் இங்கே உண்மையான வித்தியாசம் உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மெத்தையின் ஓரத் தையல், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம், திருகு முடுக்கிய துளைகள், இங்கெல்லாம் பேனா முனையால் புள்ளி வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூச்சியின் எச்சம். ஈரத் துணியால் தேய்த்தால் துருநிறமாக இழுபடும். வளர்ந்த பூச்சி தட்டையாக, செம்பழுப்பாக, சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

கண்டுபிடித்தால் அறையைச் சில வாரம் பூட்டி வைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இரத்தம் குடிக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியது அது. அன்றைய முன்பதிவை ரத்து செய்துவிட்டு, அந்த அறைப் பொருள் எதையும் வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், துணிகளைப் பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, பூச்சி ஒழிப்பவரை அழைக்க வேண்டும். மெத்தைக்கு முழுதாக மூடும் ஜிப் உறை முன்பே போட்டிருந்தால், பூச்சி தையலுக்குள் போய் ஒளிய முடியாது. பெட்டி வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு இருந்தால் விருந்தினர் பெட்டியைக் கட்டில்மேல் வைக்கும் பழக்கமும் குறையும்.

விரிப்புகள் வெள்ளையாகவே இருக்கட்டும். கறையை மறைக்கும் நிறம் உங்களுக்கு வசதிதான், ஆனால் வருபவருக்கு நம்பிக்கை தருவது வெள்ளை. வெந்நீரையும் ப்ளீச்சிங்கையும் வெள்ளைப் பருத்தி தாங்கும். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஒரு இரவு விருந்தினர்களை அடுத்தடுத்து ஏற்றால், மழைக்காலத்தில் இந்த மூன்று செட்டும் போதாது. ஈரம் முழுதாகக் காயாத தலையணை உறையைப் போட்டுவிட்டால் அறைக்குள் நுழைந்ததுமே ஒரு வாடை வரும். எவ்வளவு ரூம் ஸ்பிரே அடித்தாலும் அது போகாது, வாடையை மறைக்கப் பார்த்தார்கள் என்ற சந்தேகம்தான் கூடும்.

குளியலறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். கழிப்பறைக்கான துணி ஒரு நிறம், வாஷ்பேசினுக்கும் கண்ணாடி டம்ளருக்கும் வேறு நிறம் என்று பிரித்துவிடுங்கள். அவசரத்தில் கை தவறாது. இரண்டாவது, ப்ளீச்சிங் திரவத்தையும் அமிலம் கலந்த கழிப்பறை திரவத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது மூச்சைப் பிடித்துவிடும். கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்துவிட்டால் பயனும் இல்லை. எத்தனை நிமிடம் ஈரமாக விட வேண்டும் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். ஆள் மாறும் நாளில் நேரம் நெருக்கும்போது முதலில் பலியாவது இந்த நிமிடங்கள்தான்.

மாத வாடகையில் தொல்லை வேறு மாதிரி வரும். மாற்றித் தயார் செய்யும் வேலையே இல்லை என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வடிகாலில் முடி அடைத்திருக்கும், ஜன்னல் திறக்காமல் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கும். வாரம் ஒரு நாள், முன்பே பேசிய நேரத்தில், விரிப்பு மாற்றித் தரை துடைத்துத் தருவேன் என்பதை வாடகைப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். அவருக்கும் வசதி, உங்களுக்கும் அறையைப் பார்க்க ஒரு முறையான காரணம். சொல்லாமல் உள்ளே போவது மட்டும் கூடவே கூடாது.

அறை ஒரு வாரத்துக்கு மேல் காலியாகக் கிடந்தாலும் ஒரு வேலை இருக்கிறது. குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரில், 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில், லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகும். ஷவரில் சிதறும் நீர்த்துளியை மூச்சோடு உள்ளே இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம், முதியவர்களுக்கு ஆபத்து அதிகம். வாரம் ஒரு முறை குழாய்களையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட்டால் போதும். ஷவர் தலையை ஒரு பைக்குள் விட்டுத் திறந்தால் சாரல் உங்கள் முகத்தில் படாது.

பாதுகாப்பு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக்குள் புகைபோக்கி இல்லாத கேஸ் கீசர் இருந்தால், அதை மாற்றும் வரை அறையை யாருக்கும் கொடுக்காதீர்கள். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய குளியலறையில் குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை சுற்றும், கால் தளரும், கதவைத் திறக்கும் தெம்பு இருக்காது. வீட்டுக்காரர்கள் கதவை லேசாகத் திறந்து வைத்துக் குளித்துப் பழகியிருப்பார்கள். விருந்தினர் தாழ் போட்டுக்கொண்டு குளிப்பார். அதனால் 'எங்களுக்கு இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை' என்பது இங்கே சான்றாகாது. மின்சாரக் கீசராக மாற்றினால், 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் அறுபடும் பிரேக்கர் ஒன்றையும் கூடவே பொருத்துங்கள். வீட்டில் கேஸில் எரியும் வேறு எது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். புகை அலாரம் தனி, ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. புகை அலாரத்துக்கு வயது பத்து ஆண்டு, அதன்பின் பேட்டரி மாற்றினாலும் நம்பக் கூடாது.

இதற்கு மேல் வழிக்கு வழி மாறும். ஒரு இரவு தங்குபவர் பெரும்பாலும் இருட்டிய பின் களைப்போடு வருகிறார். ஸ்விட்ச் எங்கே, படி எங்கே, வெளியே போகும் வழி எது என்று எதுவும் தெரியாது. இரவில் மின்சாரம் போனாலோ புகை வந்தாலோ அவர் இருப்பது முன்பின் தெரியாத வீட்டில். அவரை வெளியே போகும் வழியில் ஒரு முறை நடத்திக் காட்டுவது எந்தக் காகிதத்தையும்விட உதவும். இரண்டு நிமிடம் ஆகும். மற்றபடி வீட்டின் முழு முகவரி, அவசர எண், உங்கள் எண் மூன்றையும் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். முகவரி எதற்கு என்று கேட்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் வெளியூர்க்காரருக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாது.

அறைக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்க வேண்டும். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தால், ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பிக் கதவு இருக்கட்டும். உள்பக்கம் உறுதியான தாழ்ப்பாளும் வேண்டும், தனியாக வரும் பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கேமரா அறைக்குள் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். கூடத்தில், மாடிப்படியில்கூட இருக்கக் கூடாது. ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்த இடத்திலும் கேமரா வைப்பதைத் தடை செய்துவிட்டது. வாசலுக்கு வெளியே இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாதக் கணக்கில் தங்குபவருக்கு வழி பழகிவிடும். அவரிடம் வரும் ஆபத்து, அறையைச் சமையலறை ஆக்குவது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மின் அடுப்பும் ஹீட்டரும் கெட்டிலும் சேரும். சமையல் புகையில் அலாரம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைப்பார். அறையில் சமைக்காதே என்று தடை போடுவதைவிட, உங்கள் சமையலறையைத் தினம் குறிப்பிட்ட நேரத்துக்கு விட்டுக்கொடுப்பது பலன் தரும். வாரத் துப்புரவின்போது அலாரத்தின் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டு வாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களின் பாதுகாப்பும் சேர்ந்ததுதான் இது. வரும் ஒவ்வொருவரின் அடையாள ஆவணத்தையும் பெயரோடு சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டினர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே உண்டு. தங்கும் நாட்களைப் பற்றியும் சட்டம் பேசும். நியூயார்க் நகரில் 30 நாளுக்குக் குறைவாகக் கொடுத்தால் பதிவு செய்திருக்க வேண்டும், வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. ஜப்பானில் 2018இல் வந்த சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள்தான் கொடுக்கலாம். மாறாக, மாதக் கணக்கில் இருப்பவருக்குச் சில இடங்களில் குடித்தனக்காரர் உரிமை வந்துவிடும், எழுந்து போங்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் ஊர் விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் எந்த வழியிலும் இறங்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். காசு வாங்கி ஆளை வைத்தது தெரியாமல் இருந்தால், தீ விபத்துக்கு இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகலாம்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

சீசனில் இரண்டு இரவுக்குக் குறையாமல் என்ற வழியைத்தான் நான் சொல்வேன். 25 குறைந்தாலும் பன்னிரண்டரை மணி நேரம் மிஞ்சுகிறது, பெட்டிகளும் குறைகின்றன, ஒவ்வொருவருக்கும் வீட்டைக் காட்ட நேரமும் இருக்கிறது. இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை இரவை மட்டும், மூன்று நாள் முன்னதாக, முழு வாடகைக்குத் திறந்துவிடலாம். அதற்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. 80க்குக் கொடுத்தால் 12, 10, 25 போக நிற்பது 33தான், அந்த இரவு அறை காலியாகக் கிடந்து மெத்தை காற்றாடுவதே மேல்.

மலையேறப் போகிறவர்களும் அதிகாலைப் படகைப் பிடிக்கிறவர்களும் ஒரு இரவு மட்டும் தங்கிப் போகும் ஊர்கள் உண்டு. அங்கே இரண்டு இரவு நிபந்தனை வைத்தால் அறை ஈ ஓட்டும். அந்த ஊர்க்காரர்கள் ஒரு இரவு வழியிலேயே போகலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டு, அதையும் சேர்த்து வாடகை வைக்க வேண்டும். துணி காயவும், டார்ச் அடித்துப் பார்க்கவும் அந்த நாள் தேவைப்படும்.

சீசன் முடிந்ததும் மாத வாடகைக்கு மாறுவதாக இருந்தால், காலி செய்யும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதும்போது சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே போடுங்கள். பூஞ்சை பிடித்த சுவருக்கு வெள்ளை அடிக்கவும், மெத்தையைப் பிரித்துப் பார்க்கவும், அலாரங்களைச் சோதிக்கவும் அந்த இரண்டு வாரம் சரியாக இருக்கும். முன்பதிவுத் தளத்தின் காலண்டரில் அதுவரையுள்ள நாட்களை, ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே அடைத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தளத்தில் அறையைப் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் அடைத்தாயிற்றா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காலண்டர்களை இணைத்து வைத்திருந்தாலும் ஒன்றில் செய்த மாற்றம் இன்னொன்றுக்குப் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகலாம், அந்த இடைவெளியில்தான் ஒரே அறைக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.